சிதறல் வரைபட ஸ்கிரீன்ஷாட்டிலிருந்து சாய்வும் வெட்டுத்துண்டும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எல்லாப் பதில்களுக்கும் ஒரே படத்தை எடுத்துக்கொள்கிறேன். ஒரு சுருள்வில்லில் எடைகளைத் தொங்கவிட்டு அதன் நீளத்தை அளந்திருக்கிறார்கள். x அச்சில் எடை, 100 முதல் 500 கிராம் வரை. y அச்சில் வில்லின் நீளம், 14 முதல் 30 செ.மீ. வரை. எட்டுப் புள்ளிகள், அவற்றின் ஊடே ஒரு நேரான போக்குக் கோடு. சமன்பாடு அச்சிடப்படவில்லை. மூலத் தரவும் கையில் இல்லை, படம் மட்டும்தான் இருக்கிறது.

படத்தில் கோடு மட்டும்தான் இருக்கு, சமன்பாடு இல்லை. சாய்வை எப்படிக் கண்டுபிடிப்பது?

முதல் வேலை அச்சுகளை அளவிடுவது. கோட்டை அதற்குப் பிறகு பார்க்கலாம். படத்தைப் பெயின்ட் போன்ற ஒரு செயலியில் திறந்து சுட்டியை நகர்த்தினால், அது நிற்கும் இடத்தின் பிக்சல் எண்கள் கீழே தெரியும். ஒவ்வொரு அச்சிலும் ஒன்றுக்கொன்று தொலைவில் உள்ள இரண்டு அளவுக்குறிகளைத் தேர்ந்தெடுத்து, அவற்றின் பிக்சல் எண்களைக் குறித்துக்கொள்ளுங்கள். எண் அச்சிடப்பட்ட எழுத்தின் நடுவை எடுக்கக் கூடாது. அச்சில் உள்ள சிறு கோட்டின் நடுவைத்தான் எடுக்க வேண்டும்.

நம் படத்தில் 100 கிராம் குறி இடமிருந்து 90-ஆவது பிக்சலிலும், 500 கிராம் குறி 730-ஆவது பிக்சலிலும் இருக்கின்றன. 400 கிராமுக்கு 640 பிக்சல், அதாவது ஒரு கிராமுக்கு 1.6 பிக்சல். செங்குத்தாகப் பார்த்தால் 14 செ.மீ. குறி மேலிருந்து 520-ஆவது வரிசையில், 30 செ.மீ. குறி 40-ஆவது வரிசையில். 16 செ.மீ.க்கு 480 பிக்சல், எனவே ஒரு செ.மீ.க்கு 30 பிக்சல். படங்களில் பிக்சல் வரிசை மேலிருந்து கீழாக எண்ணப்படும் என்பதை மறந்துவிட்டால் சாய்வின் குறி தலைகீழாகிவிடும். ஏறும் கோட்டுக்கு எதிர்மறைச் சாய்வு வந்தால் முதலில் இதைத்தான் சந்தேகிக்க வேண்டும்.

இப்போது கோட்டுக்கு வருவோம். கோட்டின் மேலேயே, இரு முனைகளுக்கும் அருகில் இரண்டு இடங்களைத் தேர்ந்தெடுக்கிறோம். இடது முனையில் (106, 487), வலது முனையில் (714, 145). இவற்றை அச்சின் அலகுகளுக்கு மாற்றினால்:

```
இடது:  x = 100 + (106 − 90)/1.6  = 110 கிராம்
       y = 14 + (520 − 487)/30   = 15.1 செ.மீ.
வலது:  x = 100 + (714 − 90)/1.6  = 490 கிராம்
       y = 14 + (520 − 145)/30   = 26.5 செ.மீ.
சாய்வு = (26.5 − 15.1)/(490 − 110) = 0.030
```

ஒரு கிராம் கூடினால் வில் 0.03 செ.மீ. நீள்கிறது. சாய்வை எழுதும்போது “செ.மீ./கிராம்” என்ற அலகையும் சேர்த்தே எழுதுங்கள். அலகு இல்லாத 0.03-ஐ வைத்துக்கொண்டு யாரும் எதுவும் செய்ய முடியாது.

கோட்டுக்குப் பக்கத்தில் இருக்கும் இரண்டு புள்ளிகளை எடுத்துக் கணக்குப் போட்டால் போதாதா?

போதாது. புள்ளிகள் அளவீடுகள், கோடு அவை எல்லாவற்றையும் சேர்த்து எடுத்த முடிவு. எந்த இரண்டு புள்ளிகளை எடுத்தாலும் அவற்றின் தனிப்பட்ட பிழை அப்படியே சாய்வுக்குள் வந்துவிடும். நம் படத்தில் 120 கிராமில் உள்ள புள்ளி 15.7 செ.மீ., அடுத்த 170 கிராம் புள்ளி 16.5 செ.மீ. இந்த இரண்டை மட்டும் வைத்தால் சாய்வு 0.016. உண்மையில் கோட்டின் சாய்வு இதைப் போல் ஏறக்குறைய இரண்டு மடங்கு.

கோட்டின் மேலேயே இடம் தேர்ந்தெடுத்தாலும் தூரம் முக்கியம். செங்குத்தாக 2 பிக்சல் தவறிப் படிப்பது யாருக்கும் சாதாரணம். ஒரு முனையில் 2 பிக்சல் மேலே, மறு முனையில் 2 பிக்சல் கீழே என்று வைத்துக்கொண்டால் மொத்தப் பிழை 4 பிக்சல், அதாவது சுமார் 0.13 செ.மீ. இடங்கள் 380 கிராம் இடைவெளியில் இருந்தால் சாய்வில் வரும் பிழை 1 சதவீதத்தைச் சற்றே தாண்டும். அதே தவறை 250, 300 கிராம் என்று 50 கிராம் இடைவெளியில் செய்தால் பிழை 9 சதவீதம் ஆகிவிடும். கை நடுக்கம் அதேதான், இடைவெளி சுருங்கியதால் அது பெரிதாகத் தெரிகிறது.

கோடு இடது ஓரத்தைத் தொடுகிற இடம்தானே வெட்டுத்துண்டு?

x அச்சு பூஜ்ஜியத்தில் தொடங்கினால் மட்டும். நம் படம் 100 கிராமில் தொடங்குகிறது. கோட்டை இடது ஓரம்வரை நீட்டிப் படித்தால் 14.8 செ.மீ. வரும். அது 100 கிராம் தொங்கும்போது வில்லின் நீளம். வெட்டுத்துண்டு என்பது x பூஜ்ஜியமாக இருக்கும்போது கோடு காட்டும் மதிப்பு, அது இந்தப் படத்துக்குள்ளேயே இல்லை. கணக்குப் போட்டுத்தான் எடுக்க வேண்டும்:

```
c = y − m·x
  = 15.1 − 0.030 × 110
  = 11.8 செ.மீ.
```

வலது முனையை வைத்தும் சரிபார்த்துவிடுங்கள்: 26.5 − 0.030 × 490 = 11.8. ஆக, கோட்டின் சமன்பாடு y = 0.030x + 11.8. ஓரத்தில் படித்த 14.8-க்கும் இதற்கும் 3 செ.மீ. வித்தியாசம். இது சின்னப் பிழை அல்ல. ஆனால் நான் பார்த்தவரை, ஸ்கிரீன்ஷாட்டிலிருந்து படிப்பவர்கள் அதிகம் தவறுவது இந்த ஒரு இடத்தில்தான். காரணம், பெரும்பாலான மென்பொருள்கள் புள்ளிகள் இருக்கும் பகுதிக்கு ஏற்ப அச்சைத் தாமாகவே வெட்டிவிடுகின்றன. அச்சின் முதல் எண்ணைப் படிக்காமல் வெட்டுத்துண்டைத் தொடவே கூடாது.

y அச்சு 14-இல் தொடங்குவது இதில் எந்தச் சிக்கலையும் தராது. கணக்கில் அது தானாகச் சேர்ந்துவிடுகிறது.

சரி, 11.8 வந்துவிட்டது. இதற்கு என்ன அர்த்தம்?

எடை எதுவும் இல்லாதபோது வில்லின் நீளம் 11.8 செ.மீ. என்று சொல்லத் தோன்றும். சொல்லலாம், ஆனால் அது ஒரு ஊகம். படத்தில் 120 கிராமுக்குக் கீழே ஒரு புள்ளிகூட இல்லை. கோடு அங்கேயும் அப்படியே நேராகப் போகும் என்று நாமாக வைத்துக்கொள்கிறோம்.

சுருள்வில் விஷயத்தில் இந்த ஊகம் பொய்க்க ஒரு நல்ல காரணமே உண்டு. சுற்றுகள் ஒன்றையொன்று ஒட்டியபடி இறுக்கமாகச் சுற்றப்பட்ட விற்களில் தொடக்க இழுவிசை இருக்கும். அந்த விசையைத் தாண்டும்வரை எடையைத் தொங்கவிட்டாலும் வில் அசையாது, தாண்டிய பிறகுதான் நேர்கோட்டில் நீளத் தொடங்கும். அப்படிப்பட்ட வில்லை எடுத்து அளவுகோலால் அளந்தால், கோடு சொல்லும் 11.8-ஐவிட அதிக நீளம் இருக்கும். கோடு தவறு என்று இதற்குப் பொருள் இல்லை. 120 முதல் 470 கிராம் வரை அது சரியாகவே சொல்கிறது. பூஜ்ஜியத்தைப் பற்றிச் சொல்ல அதற்குத் தகவல் இல்லை.

x அச்சில் ஆண்டுகள் இருக்கும் படங்களில் இது இன்னும் கூத்தாகிவிடும். 2010 முதல் 2020 வரை, நடுவில் 2015-இல் மதிப்பு 15, ஆண்டுக்கு 0.2 ஏறுகிறது என்றால் வெட்டுத்துண்டு −388 என்று வரும். அது பூஜ்ஜியமாம் ஆண்டின் மதிப்பு, அதை வைத்து ஒன்றும் செய்வதற்கில்லை. அங்கே “2015-இல் 15, ஆண்டுக்கு 0.2 ஏற்றம்” என்று எழுதுவதே மேல்.

கோடு ரொம்பச் செங்குத்தாக இருக்கு. அப்படியென்றால் சாய்வு அதிகம் என்று சொல்லலாமா?

சொல்ல முடியாது. படத்தின் அகலத்தைக் குறைத்தால் கோடு செங்குத்தாகத் தெரியும், y அச்சின் வீச்சைக் கூட்டினால் படுத்துவிடும். எண் மாறாது. ஒரே படத்தில், ஒரே அச்சுகளில் வரைந்த இரண்டு கோடுகளை மட்டுமே கண்ணால் ஒப்பிடலாம். ஸ்கிரீன்ஷாட்டை யாராவது ஒரு பக்கம் மட்டும் இழுத்து நீட்டியிருந்தாலும் கவலை இல்லை. இரண்டு அச்சுகளையும் தனித்தனியாக அளவிடுவதால் அது கணக்கில் அடங்கிவிடும். திரையைச் சாய்வாகக் கைப்பேசியில் படம் பிடித்து அனுப்பியிருந்தால்தான் கஷ்டம், அதைக் கேட்டு மறுபடி வாங்கிவிடுங்கள்.

பிக்சலை எல்லாம் ஒவ்வொரு தடவையும் கையால் கணக்குப் போட வேண்டுமா?

வேண்டாம். நான்கு அளவுக்குறிகளையும் கோட்டின் இரண்டு இடங்களையும் கொடுத்தால் இந்தச் சில வரிகள் போதும்:

```python
x1, x2, px1, px2 = 100, 500, 90, 730
y1, y2, py1, py2 = 14, 30, 520, 40

def X(p): return x1 + (p - px1) * (x2 - x1) / (px2 - px1)
def Y(p): return y1 + (p - py1) * (y2 - y1) / (py2 - py1)

m = (Y(145) - Y(487)) / (X(714) - X(106))
c = Y(487) - m * X(106)
print(round(m, 4), round(c, 2))
```

`py1` பெரிய எண், `py2` சிறிய எண் என்பதால் மேலிருந்து கீழ் எண்ணும் சிக்கல் தானாகவே சரியாகிவிடுகிறது. புள்ளிகள் நிறைய இருந்தால் `WebPlotDigitizer` போன்ற கருவியில் படத்தை ஏற்றி, அச்சுகளைக் குறித்துவிட்டுப் புள்ளிகளின் மேல் சொடுக்கிக்கொண்டே போகலாம். செய்வது இதே கணக்குதான். ஒன்றன்மேல் ஒன்றாக விழுந்த புள்ளிகளை எந்தக் கருவியாலும் பிரிக்க முடியாது. படத்தில் எட்டுப் புள்ளிகள் தெரிந்தால் அளவீடுகள் எட்டுக்கும் அதிகமாக இருந்திருக்கலாம்.

படத்திலேயே சமன்பாடு எழுதியிருந்தால் அதை அப்படியே எடுத்துக்கொள்ளலாமா?

எடுத்துக்கொள்ளுங்கள், ஆனால் கோட்டோடு ஒத்துப்போகிறதா என்று ஒரு இடத்திலாவது சோதித்துப் பாருங்கள். வலது முனைக்கு அருகே ஒரு x-ஐச் சமன்பாட்டில் போட்டு, வரும் y கோட்டின் மேல் விழுகிறதா என்று பார்த்தால் போதும். ஒத்துப்போகாமல் இருக்க இரண்டு வழக்கமான காரணங்கள் உண்டு.

ஒன்று, எண்களை முழுமையாக்குவது. படத்தில் y = 0.03x + 11.8 என்று மட்டும் இருந்தால் அந்த 0.03 உண்மையில் 0.025-க்கும் 0.035-க்கும் இடையில் எதுவாகவும் இருக்கலாம். 470 கிராமில் அது இரு பக்கமும் 2.35 செ.மீ. வரை தள்ளிப்போகும். இந்த நிலையில், அச்சிட்ட சமன்பாட்டைவிட நாம் பிக்சல் எண்ணி எடுத்த சாய்வே துல்லியமானது! ஆண்டு அச்சில் இது இன்னும் மோசம். அங்கே x ஈராயிரத்தைத் தாண்டுவதால், சாய்வில் இரண்டாம் தசம இடத்தில் விட்ட சிறு பிழையும் ஈராயிரம் மடங்காகிவிடும்.

இரண்டு, படத்தின் வகை. எக்செல்லில் சிதறல் படத்துக்குப் பதிலாகக் கோட்டுப் படத்தைத் தேர்ந்தெடுத்துப் போக்குக் கோடு போட்டால், x-க்கு நாம் கொடுத்த எண்கள் வெறும் பெயர்களாகிவிடும். மென்பொருள் 1, 2, 3 என்று வரிசை எண்ணை வைத்துக் கணக்கிடும். நம் புள்ளிகள் 50 கிராம் இடைவெளியில் இருப்பதால் சாய்வு 0.03 வர வேண்டிய இடத்தில் 1.5 என்று வரும். பார்த்தால் கோடு சரியாகவே புள்ளிகளின் ஊடே போகும், சமன்பாடு மட்டும் வேறு உலகத்தில் இருக்கும். அச்சில் இருக்கும் ஒரு x-ஐப் போட்டுப் பார்க்கும் அந்த ஒரு சோதனையில் இது உடனே மாட்டிக்கொள்ளும்.

R² = 0.99 என்று போட்டிருக்கு. அப்போது கோடு நன்றாகப் பொருந்துகிறது என்றுதானே அர்த்தம்?

இந்தக் கேள்விக்குக் கொஞ்சம் நேரம் ஒதுக்க வேண்டும், ஏனென்றால் இங்கேதான் பலரும் பார்ப்பதை நிறுத்திவிடுகிறார்கள்.

ஒவ்வொரு புள்ளியும் கோட்டிலிருந்து செங்குத்தாக எவ்வளவு தள்ளி இருக்கிறது என்று படித்துப் பாருங்கள். புள்ளி கோட்டுக்கு மேலே இருந்தால் நேர் எண், கீழே இருந்தால் எதிர் எண். இதுதான் எச்சம். நம் எட்டுப் புள்ளிகளுக்கு:

```
எடை (கிராம்)    120   170   220   270   320   370   420   470
நீளம் (செ.மீ.)   15.7  16.5  18.6  19.7  21.3  23.3  24.1  26.0
கோடு சொல்வது   15.4  16.9  18.4  19.9  21.4  22.9  24.4  25.9
எச்சம்          +0.3  −0.4  +0.2  −0.2  −0.1  +0.4  −0.3  +0.1
```

எச்சங்களை வர்க்கப்படுத்திக் கூட்டினால் 0.60. நீளங்கள் தங்கள் சராசரியிலிருந்து விலகும் வர்க்கங்களின் கூட்டுத்தொகை சுமார் 95. R² என்பது நீளங்களின் மொத்த விலகலில் கோடு விளக்கும் பங்கு: 1 − 0.60/95, அதாவது 0.994. குறிகள் மேலும் கீழுமாக மாறி மாறி வருகின்றன, எந்த ஒழுங்கும் தெரியவில்லை. இந்தக் கோட்டை ஏற்றுக்கொள்ளலாம்.

இப்போது அதே எடைகள், அதே கோடு, ஆனால் எச்சங்கள் மட்டும் இப்படி இருக்கும் இன்னொரு படத்தை நினைத்துக்கொள்ளுங்கள்:

```
+0.4  +0.1  −0.2  −0.3  −0.3  −0.2  +0.1  +0.4
```

வர்க்கங்களின் கூட்டுத்தொகை இங்கேயும் சரியாக 0.60. R² இங்கேயும் 0.994. ஆனால் இரு முனைகளிலும் புள்ளிகள் கோட்டுக்கு மேலே, நடுவில் எல்லாம் கீழே. இது தற்செயல் சிதறல் அல்ல, வளைவு. நேர்கோடு தவறான வடிவம் என்று புள்ளிகள் சொல்கின்றன. R²-க்கு அது காதில் விழாது, ஏனென்றால் அது எச்சங்களின் அளவைத்தான் பார்க்கிறது, அவை வரும் வரிசையைப் பார்ப்பதில்லை.

இதனால் என்ன நஷ்டம் என்று கேட்டால், வெட்டுத்துண்டைப் பாருங்கள். இந்த இரண்டாவது படத்துக்கு ஓர் இருபடி வளைவரை பொருத்தினால் பூஜ்ஜிய எடையில் நீளம் சுமார் 13.6 செ.மீ. வருகிறது. நேர்கோடு 11.8 என்கிறது. R² இரண்டு படங்களுக்கும் ஒன்றே, ஆனால் ஒரு படத்தில் வெட்டுத்துண்டு கிட்டத்தட்ட 2 செ.மீ. தவறு.

இந்த விஷயத்தை 1973-இல் பிரான்சிஸ் ஆன்ஸ்கோம்ப் என்ற புள்ளியியலாளர் நான்கு தரவுத் தொகுப்புகளைக் கொண்டு காட்டினார். ஒவ்வொன்றிலும் 11 புள்ளிகள். நான்கிலும் y = 3 + 0.5x, நான்கிலும் R² சுமார் 0.67. வரைந்து பார்த்தால் ஒன்று சாதாரணச் சிதறல், ஒன்று தெளிவான வளைவு, ஒன்றில் நேர்கோட்டை ஒரே ஒரு புள்ளி இழுத்துவிட்டிருக்கிறது, மற்றொன்றில் தனியாக நிற்கும் ஒரு புள்ளி இல்லையென்றால் கோடே கிடையாது.

எச்சங்களை எல்லாம் எண்ணாகப் படிக்க நேரமில்லை. கண்ணால் பார்த்தே சொல்ல வழி இருக்கா?

இருக்கிறது. ஒரு தாளின் நேரான விளிம்பைத் திரையில் கோட்டோடு ஒட்டி வைத்து, இடமிருந்து வலமாகப் புள்ளிகள் மேலே, கீழே என்று மட்டும் சொல்லிக்கொண்டே போங்கள். “மேலே மேலே, கீழே கீழே கீழே கீழே, மேலே மேலே” என்று கூட்டம் கூட்டமாக வந்தால் வளைவு. மாறி மாறிக் கலந்து வந்தால் நல்லது. அப்புறம், இடப்பக்கம் புள்ளிகள் கோட்டை ஒட்டியும் வலப்பக்கம் விரிந்தும் இருக்கின்றனவா என்று பாருங்கள். அப்படி விசிறிபோல் விரிந்தால் சாய்வை ஓரளவு நம்பலாம், ஆனால் “இத்தனை செ.மீ. முன்பின்” என்று எல்லா இடத்துக்கும் ஒரே பிழை எல்லையைச் சொல்லக் கூடாது.

புள்ளிகள் போகும் திசையைவிடக் கோடு படுத்திருக்கிற மாதிரி தெரியுது. மென்பொருள் தப்பாகப் போட்டிருக்குமோ?

பெரும்பாலும் இல்லை. சிதறல் அதிகமாக இருக்கும்போது நம் கண் புள்ளிக் கூட்டத்தின் நீள அச்சைத் தேடுகிறது. எச்சங்களின் வர்க்கக் கூட்டுத்தொகை மிகக் குறைவாகும்படி மென்பொருள் கோடு போடும் மீச்சிறு வர்க்க முறை அதைத் தேடுவதில்லை. ஒவ்வொரு x-க்கும் y-இன் சராசரி எங்கே இருக்கும் என்பதைத்தான் அது பார்க்கிறது. இரண்டு அச்சிலும் பரவல் ஒரே அளவாகத் தெரியும்படி வரைந்து, ஒட்டுறவுக் கெழு 0.5 ஆக இருந்தால், கண் பார்க்கும் கோடு 45 பாகையில் ஏறும், கணக்கிட்ட கோட்டின் சாய்வு அதில் பாதிதான் இருக்கும்.

சோதிக்க, படத்தில் ஒரு குறுகிய செங்குத்துப் பட்டையை மட்டும் விட்டு மற்றதை மறைத்துக்கொள்ளுங்கள். பட்டைக்குள் உள்ள புள்ளிகளின் நடுவில் கோடு போகிறதா? இடது ஓரம், நடு, வலது ஓரம் மூன்றிலும் போனால் கோடு சரி. நம் சுருள்வில் படத்தில் சிதறல் மிகக் குறைவு என்பதால் இந்த மாயம் தெரியாது.

ஒரே ஒரு புள்ளி விலகி நிற்குது. அதைக் கண்டுகொள்ளாமல் விடலாமா?

அது எங்கே நிற்கிறது என்பதைப் பொறுத்தது. நம் படத்தில் 320 கிராம் புள்ளி 2 செ.மீ. கீழே இறங்கியிருந்தால் சாய்வு 2 சதவீதம்கூட மாறாது. கோடு முழுவதுமாகச் சற்றே கீழே நகரும், அவ்வளவுதான். அதே 2 செ.மீ. இறக்கம் 470 கிராம் புள்ளியில் நடந்தால் சாய்வு 0.030-இலிருந்து சுமார் 0.027-ஆக, ஏறக்குறைய 11 சதவீதம் குறைந்துவிடும். வெட்டுத்துண்டு 12.5-க்கு ஏறும். ஓரத்தில் உள்ள புள்ளிக்கு நெம்பும் வலு அதிகம்.

இன்னும் ஒன்று. ஓரத்துப் புள்ளி கோட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொள்வதால் அதன் எச்சம் சிறியதாகத் தெரியும். ஆகவே ஓரத்தில் ஒரு புள்ளி தனியாக நின்றால், அதைக் கையால் மறைத்துவிட்டு, மற்றப் புள்ளிகள் இந்தக் கோட்டைச் சுற்றித்தான் இருக்கின்றனவா என்று பாருங்கள். அந்தப் புள்ளியை நீக்கும் உரிமை படத்தை மட்டும் பார்ப்பவருக்கு இல்லை என்பது என் கருத்து. இருந்தால் இவ்வளவு, இல்லாவிட்டால் இவ்வளவு என்று இரண்டையும் எழுதலாம்.

கோட்டைச் சுற்றி மங்கலான பட்டை இருக்கு. நிறையப் புள்ளிகள் அதற்கு வெளியே கிடக்கின்றனவே?

கிடக்கட்டும். பல மென்பொருள்கள் போடும் அந்தப் பட்டை (`seaborn`-இன் `regplot` இயல்பாகவே 95% பட்டை போடும்) கோடு எங்கே இருக்கலாம் என்பதற்கான எல்லை. புள்ளிகள் எங்கே விழலாம் என்பதை அது சொல்வதில்லை. புள்ளிகளின் எண்ணிக்கை கூடக் கூடப் பட்டை ஒடுங்கும், வெளியே விழும் புள்ளிகளும் அதிகமாகும்.

அச்சில் 1, 10, 100 என்று சம இடைவெளியில் போட்டிருந்தால்?

அது மடக்கை அச்சு. மேலே சொன்ன பிக்சல் கணக்கை எண்களுக்குப் பதிலாக அவற்றின் மடக்கைகளில் செய்ய வேண்டும். இரண்டு அச்சும் மடக்கையாக இருந்தால் கிடைக்கும் சாய்வு ஒரு அடுக்கு எண். அங்கே சாய்வு 2 என்றால் x இரட்டிப்பானால் y நான்கு மடங்காகும்.

கடைசியில் விடையை எத்தனை இலக்கத்தில் எழுதுவது? பிழை எவ்வளவு என்று சொல்வது?

இரண்டு விதப் பிழைகள் இருக்கின்றன, இரண்டையும் கலக்காதீர்கள். ஒன்று படத்தைப் படித்ததில் வருவது. முன்பு பார்த்தபடி சாய்வில் சுமார் 1 சதவீதம், வெட்டுத்துண்டில் சுமார் 0.1 செ.மீ. மற்றது புள்ளிகளே சிதறியிருப்பதால் வருவது. எச்ச வர்க்கங்களின் கூட்டுத்தொகை 0.60-ஐ, எட்டிலிருந்து இரண்டு கழித்து வரும் 6-ஆல் வகுத்து, வர்க்கமூலம் எடுத்தால் 0.32 செ.மீ. ஒரு புள்ளி கோட்டிலிருந்து வழக்கமாக இவ்வளவு தள்ளி விழும். இதிலிருந்து சாய்வின் திட்டப் பிழை சுமார் 0.001, அதாவது 3 சதவீதம். வெட்டுத்துண்டின் திட்டப் பிழை சுமார் 0.3 செ.மீ.

சிதறலின் பிழை, படித்ததன் பிழையைப் போல் மூன்று மடங்கு. ஆகவே பிக்சலை இன்னும் நுணுக்கமாக எண்ணிப் பயனில்லை. சாய்வு 0.030 ± 0.001 செ.மீ./கிராம், வெட்டுத்துண்டு 11.8 ± 0.3 செ.மீ., R² 0.99, எச்சங்களில் ஒழுங்கு தெரியவில்லை, 120 முதல் 470 கிராம் வரை என்று எழுதினால் போதும். கடைசியில் வரும் அந்த வீச்சை விட்டுவிடாதீர்கள்.

இதே சமன்பாட்டில் 800 கிராமைப் போட்டு நீளத்தைச் சொல்லலாமா?

போட்டால் 35.8 செ.மீ. வரும். எச்சங்கள் வளைந்திருந்த அந்த இரண்டாவது படத்தின் வளைவரையில் போட்டால் 41 செ.மீ.யைத் தாண்டும். ஒரே R² உள்ள இரண்டு படங்களிலிருந்து இவ்வளவு தூரம் விலகிய விடைகள் வருகின்றன. போதாததற்கு, மீள் எல்லையைத் தாண்டினால் வில் நிரந்தரமாக நீண்டுவிடும், அதன் பிறகு இரண்டு சமன்பாடுகளுமே பொருந்தாது. அந்த எல்லை எத்தனை கிராமில் வருகிறது என்று இந்தப் படத்தைப் பார்த்துச் சொல்ல முடியாது. 800 கிராமுக்கு நீளம் வேண்டுமென்றால் 800 கிராமைத் தொங்கவிட்டு அளக்க வேண்டும்.